சுட்டெலியின் வலப்பொத்தானை அழுத்தினால் கணினி ஏன் திணறுகிறது?

கோப்பு ஒன்றின்மேல் சுட்டெலியை வைத்து வலப்பொத்தானை அழுத்துகிறோம். திறத்தல், நகலெடுத்தல், அழித்தல் முதலிய கட்டளைகளைக் கொண்ட பட்டி உடனே தோன்ற வேண்டும். ஆனால் சில கணினிகளில் நீல வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும்; பத்து இருபது விநாடிகள் கழித்துத்தான் பட்டி வரும். வேறு சிலவற்றில் திறந்திருந்த கோப்புறைகள் மூடிக்கொள்ளும். திரையின் அடியிலுள்ள பணிப்பட்டையும் மறைந்து, சற்று நேரத்தில் மீண்டும் தோன்றும்.

இதைக் கண்டவுடன் கணினிக்கு வயதாகிவிட்டது என்றோ நச்சுநிரல் புகுந்துவிட்டது என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். என் விடுதி நண்பர் ஒருவரிடம் பழுதுபார்க்கும் கடைக்காரர், “தம்பி, ஃபார்மட் பண்ணிடலாம், எண்பது வெள்ளி ஆகும்” என்றாராம். நண்பரின் இறுதியாண்டு ஆய்வேடு அந்த மடிக்கணினியில்தான் இருந்தது. உண்மையில் அங்கே பழுதாகியிருந்தது விண்டோஸ் அன்று. வேறொரு மென்பொருள் அந்தப் பட்டிக்குள் செருகியிருந்த ஒரே ஒரு வரிதான்.

பட்டி எப்படி உருவாகிறது?

வலப்பொத்தான் பட்டியில் உள்ள எல்லாக் கட்டளைகளும் மைக்ரோசாப்ட் எழுதியவை அல்ல. கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள், நச்சுநிரல் எதிர்ப்பான், மேகச் சேமிப்பு மென்பொருள் என ஒவ்வொன்றையும் நிறுவும்போது அது தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். இத்தகைய சிறு நிரலை நீட்சி என்று அழைப்போம். பெரும்பாலும் அது ஒரு டிஎல்எல் கோப்பாக இருக்கும். தன் முகவரியை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் பதிந்து வைத்துக்கொள்ளும். எல்லா வகைக் கோப்புகளுக்கும் உரிய நீட்சிகள் பதிவாகும் இடம் இது:

```
HKEY_CLASSES_ROOT\*\shellex\ContextMenuHandlers
```

கோப்புறைகளுக்கும் தனித்தனிக் கோப்பு வகைகளுக்கும் இதுபோன்ற வேறு இடங்கள் உண்டு.

நாம் பொத்தானை அழுத்தியதும் எக்ஸ்ப்ளோரர் அந்தக் கோப்புக்குரிய நீட்சிகளை வரிசையாக அழைத்து, “நீ சேர்க்க வேண்டிய கட்டளை என்ன?” என்று கேட்கிறது. எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் பட்டியைக் காட்டுகிறது. பதினான்கு பேரில் ஒருவர் தாமதித்தாலும் மற்ற பதின்மூவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்த நீட்சிகள் தனியே இயங்குவதில்லை, explorer.exe என்னும் நிரலுக்குள்ளேயே புகுந்து இயங்குகின்றன. 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோதே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. அதற்குத் தேவைப்பட்ட குறைந்தபட்ச நினைவகம் 4 மெகாபைட்டுதான். ஒவ்வொரு நீட்சியையும் தனி நிரலாக இயக்க அன்றைய கணினிகள் தாங்கியிருக்கா. அதன் விளைவை இன்றும் காண்கிறோம்: நீட்சி தவறினால் எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து வீழ்கிறது. பணிப்பட்டையும் அதே நிரலின் பகுதி என்பதால் அதுவும் மறைகிறது. வேர்டு போன்ற நிரல்களில் கோப்பைத் திறக்கும் சன்னலிலும் இதே நீட்சிகள் புகும். அங்கே வலப்பொத்தானை அழுத்தும்போது வேர்டே மூடிக்கொண்டால் பழியை வேர்டின்மேல் போடக்கூடாது.

நண்பரின் மடிக்கணினி

முதலில் எங்கெங்கே தாமதம் என்று பார்த்தோம். திரையின் வெற்றிடத்தில் அழுத்தினால் பட்டி உடனே வந்தது. எந்தக் கோப்பின்மேல் அழுத்தினாலும் ஏறத்தாழ இருபது விநாடி பிடித்தது. விண்டோஸ் முழுவதும் மந்தமாகிவிடவில்லை, கோப்புகளுக்குரிய ஏதோ ஒரு நீட்சிதான் தடை என்பது இதிலிருந்தே தெரிந்தது. அடுத்து வைஃபையை அணைத்துவிட்டு அழுத்தினோம். பட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது! அப்படியானால் அந்த நீட்சி இணைப்பின் வழியே எதையோ தேடுகிறது. இணைப்பே இல்லாதபோது தேடாமல் விட்டுவிடுகிறது.

பிறகு நிர்சாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ShellExView என்ற சிறு நிரலைப் பயன்படுத்தினோம். 64 பிட் விண்டோஸுக்கு அதன் 64 பிட் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும்; நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். அது எல்லா நீட்சிகளையும் பட்டியலிட்டு, மைக்ரோசாப்ட் அல்லாதவற்றை இளஞ்சிவப்பு நிறத்தில் காட்டும். அவற்றுள் Type என்னும் பத்தியில் Context Menu என்று இருப்பவையே நமக்குத் தேவை. நண்பரின் கணினியில் அவை பதினான்கு.

பதினான்கையும் தேர்ந்தெடுத்து F7 விசையால் முடக்கினோம். ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட நீட்சி அப்படியே இருக்கும் என்பதால் எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்க வேண்டும். Ctrl+Shift+Esc அழுத்தி, Task Manager-இல் Windows Explorer என்ற வரியைத் தேர்ந்து Restart கொடுத்தால் போதும். வைஃபை இயங்கும்போதே பட்டி உடனே வந்தது. குற்றவாளி இந்தப் பதினான்கில்தான் என்பது உறுதியானது.

ஒவ்வொன்றாகச் சோதித்தால் பதினான்கு முறைகூட ஆகலாம். பாதி பாதியாகப் பிரித்தால் நான்கே சுற்றுதான். முதல் ஏழை F8 விசையால் மீண்டும் இயக்கினோம், தாமதம் இல்லை. மற்ற ஏழில் நான்கை இயக்கினோம், தாமதம் திரும்பியது. அந்த நான்கில் இரண்டை முடக்கியும் தாமதம் தொடர்ந்தது. எஞ்சிய இரண்டில் ஒன்றை முடக்கினோம், தாமதம் மறைந்தது. ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்கினோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அகப்பட்டது, நண்பர் தொழிற்பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் நிறுவித் தந்த காப்புநகல் மென்பொருளின் நீட்சி. பட்டியில் தன் வரியைச் சேர்க்குமுன் அது அந்த அலுவலகத்தின் சேவையகத்தை அழைத்துப் பார்த்தது. விடுதியிலிருந்து அந்தச் சேவையகத்தை எட்ட முடியாது. பதில் வரும் வரை காத்திருந்து சலித்துப் போக அதற்கு இருபது விநாடி ஆனது. பயிற்சி முடிந்து மாதங்களாகியும் ஒவ்வொரு வலப்பொத்தானுக்கும் அது அழைத்துக்கொண்டே இருந்தது. அந்த மென்பொருள் இனித் தேவையில்லை என்பதால் முறையாக நீக்கிவிட்டு, மற்றவற்றை F8 விசையால் மீண்டும் இயக்கினோம். ஆய்வேட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. எண்பது வெள்ளியும் மிச்சம்.

கவனிக்க வேண்டியவை

மென்பொருள் தேவைப்பட்டால் அதை நீக்காமல் நீட்சியை மட்டும் முடக்கி வைக்கலாம். பட்டியில் அதன் வரி மறையும், மென்பொருள் வழக்கம்போல் இயங்கும். புதிய பதிப்பு வந்தால் அதை நிறுவிப் பார்க்கலாம். டிஎல்எல் கோப்பைத் தேடிப்பிடித்துக் கையால் அழிப்பது மட்டும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவு அப்படியே எஞ்சி நிற்கும்.

தாமதமின்றி எக்ஸ்ப்ளோரர் நேரே வீழ்கிறது என்றால் இன்னொரு குறுக்கு வழி உண்டு. Win+R அழுத்திக் கீழ்க்காணும் கட்டளையைத் தட்டுங்கள்:

```
perfmon /rel
```

நாள்வாரியாக வரும் படத்தில் சிவப்புக் குறி உள்ள நாளைத் தேர்ந்து, explorer.exe வீழ்ந்த பதிவைத் திறந்தால் Fault Module Name என்ற வரி இருக்கும். அங்கே ஏதேனும் மென்பொருளின் டிஎல்எல் பெயர் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடலாம். ntdll.dll என்று இருந்தால் அதைக் குற்றவாளி எனக் கொள்ளாதீர்கள். அது விண்டோஸின் அடிப்படைக் கோப்பு. வேறொருவர் செய்த பிழை அங்கே வெடித்திருக்கலாம். அப்போது மீண்டும் பாதி பாதியாகப் பிரிக்கும் வழிதான்.

2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இல் முதலில் தோன்றுவது ஒரு சுருக்கப் பட்டி. பழைய வகை நீட்சிகள் அதில் வருவதில்லை. Show more options என்பதை அழுத்தினால்தான் வரும். அந்த இடத்தில் மட்டும் தாமதம் என்றால் ஐயம் பழைய நீட்சிகளின் மேல்தான். மைக்ரோசாப்ட் அல்லாத எல்லாவற்றையும் முடக்கியும் தாமதம் போகவில்லை என்றால், காரணம் நீட்சியாக இல்லாமல் போகலாம். எட்ட முடியாத வலையமைப்பு இயக்ககம் எதுவும் இணைந்திருக்கிறதா என்று அடுத்து பாருங்கள்.