படம் பச்சையானால் ஃபைலை அழிக்க வேண்டாம்

ஸ்டூடியோவிலிருந்து பென் டிரைவில் வந்த கல்யாண வீடியோவை லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் திறக்கிறார்கள். நாதஸ்வரம் தெளிவாகக் கேட்கிறது. திரை மட்டும் முழுக்கப் பச்சையாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் படம் தலைகாட்டினாலும், மாப்பிள்ளை முகம் சதுரம் சதுரமாகக் கலைந்து, பந்தலின் நிறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதே ஃபைலை விண்டோஸுடன் வரும் பிளேயரில் திறந்தால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது.

இந்தக் கட்டத்தில் பலர் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு வேறு காப்பி கேட்கிறார்கள். சிலர் ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்தே விடுகிறார்கள். ஒரு பிளேயரில் முதலிலிருந்து கடைசி வரை சரியாக ஓடுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் ஃபைலில் இல்லை. இன்னொரு பிளேயர் அதைப் பிரித்துக் காட்டும் வழியில்தான் எங்கோ இடறுகிறது.

வீடியோ ஃபைலில் படங்கள் அப்படியே அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. இடம் மிச்சப்பட, சுருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. பார்க்கும்போது அதை நொடிக்கு 25 அல்லது 30 முறை பிரித்துப் படமாக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் டிகோடிங் என்று பெயர். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. கம்ப்யூட்டரின் பிராசஸரே மென்பொருளின் துணையோடு எல்லாக் கணக்கையும் போடுவது ஒன்று. கிராபிக்ஸ் சிப்பில் இதற்கென்றே உள்ள பகுதியிடம் வேலையைத் தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டாவதுதான் ஹார்டுவேர் டிகோடிங். பேட்டரி மிச்சமாகும், ஃபேன் இரையாது என்பதால் இப்போது பெரும்பாலான பிளேயர்கள் முதலில் இதைத்தான் நாடுகின்றன. விஎல்சியும் 2018 பிப்ரவரியில் வந்த 3.0 பதிப்பிலிருந்து, யாரும் கேட்காமலேயே இதைப் பயன்படுத்துகிறது.

சிக்கல் பிறப்பது கைமாறும் இடத்தில். பிரித்த படத்தை கிராபிக்ஸ் சிப் தன் நினைவகத்தில் வைக்கிறது. அதை டிரைவர் மென்பொருள் வழியாக பிளேயர் எடுத்துத் திரையில் போட வேண்டும். டிரைவர் பழையதாக இருந்தாலோ, அந்த வகை வீடியோவைச் சிப் முழுதாகக் கையாளாவிட்டாலோ, பிளேயர் தவறான இடத்தைப் படித்தாலோ, திரைக்கு வருவது படமாக இருக்காது. விஎல்சி ஒரு வழியாகவும் விண்டோஸ் பிளேயர் வேறு வழியாகவும் சிப்பை அணுகுவதால்தான், ஒரே லேப்டாப்பில் ஒன்று சரியாகவும் மற்றொன்று கோளாறாகவும் காட்டுகிறது.

அது ஏன் எப்போதும் பச்சை? வீடியோ ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று எழுதி வைப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஓர் எண், நிறத்துக்கு இரண்டு எண்கள் என்று எழுதுகிறது. வழக்கமான 8 பிட் வீடியோவில் கறுப்பு என்றால் வெளிச்சம் 16, நிற எண்கள் இரண்டும் 128. இங்கே 128 என்றால் நிறமே இல்லை என்று பொருள். நினைவகத்தில் படம் எதுவும் எழுதப்படாமல் மூன்றும் 0 ஆகக் கிடந்தால், திரைக்காக மாற்றிக் கணக்கிடும்போது சிவப்பும் நீலமும் 0 ஆகிவிடும். பச்சை மட்டும் மிஞ்சும். ஆக, அந்தப் பச்சை உண்மையில் ஒரு வெற்றிடம். உருவங்களின் கோடுகள் தெரிந்து, மேலே பச்சை பூசியதுபோல் இருந்தால், வெளிச்ச எண்கள் வந்து சேர்ந்தன, நிற எண்கள் வரவில்லை என்று ஊகிக்கலாம்.

படத்தின் அடியில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு தெரிவதும் இதே குடும்பத்துக் கோளாறுதான். ஹெச்.264 முறை படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாக வெட்டுகிறது. 1080 வரிகள் 16-ஆல் மீதியின்றி வகுபடாது. அதனால் உள்ளே 1088 வரிகளாக வைத்துக்கொண்டு, காட்டும்போது கடைசி 8 வரிகளை நறுக்கிவிட வேண்டும். நறுக்க மறந்தால் அந்த வரிகள் எட்டிப் பார்க்கும்.

சதுரச் சிதறலுக்குக் காரணம் வேறு. சுருக்கிய வீடியோவில் எல்லாப் படமும் முழுப்படம் அல்ல. பெரும்பாலானவை, முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள்தான். ஒரு படம் தவறாகப் பிரிக்கப்பட்டால் அடுத்தடுத்த படங்களும் அதே தவறின் மேல் ஏறிக்கொள்ளும். அடுத்த முழுப்படம் வந்த பிறகே திரை தெளியும்.

சரிசெய்யும் வழி எளிது. விண்டோஸில் விஎல்சியைத் திறந்து Tools பட்டியலில் Preferences-ஐத் தேர்ந்தெடுக்கலாம். Ctrl+P அழுத்தினாலும் அதே பெட்டி வரும். மேலே உள்ள Input / Codecs பகுதிக்குப் போனால் Hardware-accelerated decoding என்ற வரி இருக்கும். அதில் Automatic என்று இருப்பதை Disable ஆக்கி, Save கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவில் மாற்றம் தெரியாமல் போகலாம் என்பதால், விஎல்சியை மூடிவிட்டுத் திரும்பத் திறப்பது நல்லது. அமைப்பை மாற்றாமல் ஒருமுறை சோதித்து மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் கட்டளை வரியில் இப்படித் திறக்கலாம்:

```
vlc --avcodec-hw=none kalyanam.mp4
```

இப்போது படம் ஒழுங்காக வந்தால் நோய் எது என்று உறுதியாகிவிடும். ஆண்ட்ராய்டு போனில் விஎல்சியின் Settings-க்குள் Hardware acceleration என்ற இடத்தில் Disabled கொடுத்தால் இதே பலன். எம்எக்ஸ் பிளேயரில் இன்னும் சுலபம்: படம் ஓடும்போது மேலே தெரியும் HW அல்லது HW+ எழுத்தைத் தொட்டு SW ஆக்கினால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கல்யாண வீடியோ போன்ற 1080 ஹெச்.264 ஃபைலைச் சாதாரண லேப்டாப்பின் பிராசஸரே தாங்கிக்கொள்ளும்; கொஞ்சம் சூடேறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். 4கே அளவில் ஹெச்.265 வீடியோ என்றால் பழைய லேப்டாப் திணறும். படம் விட்டுவிட்டு வரும், சத்தம் முன்னே ஓடும். திணறுகிறதா என்பதை விஎல்சியிலேயே பார்க்கலாம்: Ctrl+J அழுத்தி Statistics பக்கத்தில் இழந்த படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பிராசஸரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவர்கள் Disable-உடன் நின்றுவிடக் கூடாது. அதே பட்டியலில் Direct3D11 Video Acceleration, DirectX Video Acceleration (DXVA) 2.0 என்று இரண்டு பாதைகள் தனித்தனியாக இருக்கும். ஒன்று கோளாறு தந்தால் மற்றொன்று சரியாக வேலை செய்யலாம். இரண்டையும் மாற்றிப் பார்ப்பது பயனுள்ளது. கிராபிக்ஸ் டிரைவரையும் விஎல்சியையும் புதுப்பித்த பிறகு Automatic-க்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். பல லேப்டாப்புகளில் அத்துடன் தீர்ந்துவிடும். 10 பிட் ஹெச்.264 ஃபைல்கள் மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலான கிராபிக்ஸ் சிப்புகளுக்கு அந்த வகையைப் பிரிக்கத் தெரியாது. அவற்றை பிராசஸரிடம் விடுவதே சரி.

ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்த பிறகும் பச்சை போகாவிட்டால், பிரித்த படத்தைத் திரையில் போடும் பகுதியைச் சந்தேகிக்கலாம். Preferences-இல் Video பகுதிக்குப் போய் Output வரியை வேறொன்றுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாமல், ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில், அதே நொடியில், எல்லா பிளேயரிலும் படம் சிதறினால் கெட்டிருப்பது ஃபைல்தான். பென் டிரைவிலிருந்து இன்னொரு முறை காப்பி எடுத்துப் பார்க்கலாம். அதுவும் அப்படியே இருந்தால், ஸ்டூடியோவுக்குப் போன் போட வேண்டியது அப்போதுதான்.