மோதிரக் கல் விழாமல் இருக்க

தினமும் போடும் மோதிரம் என்றால், கல்லைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்து வாங்குங்கள். பிராங் அமைப்பில் நான்கோ ஆறோ மெல்லிய கம்பிகள் கல்லின் விளிம்பை நகம்போல் பற்றியிருக்கும். வெளிச்சம் நன்றாகப் பாய்வதால் கல் மின்னும். ஆனால் கம்பி நுனி சேலை நூலில் மாட்டும், நாளடைவில் தேயும். நான்கில் ஒன்று உடைந்தாலே கல் ஆடத் தொடங்கிவிடும்.

சேனலில் இரண்டு தங்கச் சுவர்களுக்கு நடுவே சிறு கற்கள் வரிசையாக அமரும். துணியில் மாட்டாது. ஆனால் மோதிரம் நெளிந்தால் சுவர் விலகிக் கல் உதிரலாம்.

பெசலில் கல்லைச் சுற்றிலும் தங்க விளிம்பை மடித்து அழுத்தியிருப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் கைக்கு இதுவே பாதுகாப்பு.

எதுவானாலும், மாதம் ஒருமுறை மோதிரத்தைக் காதருகே வைத்துத் தட்டிப் பாருங்கள். லேசாகச் சத்தம் கேட்டால் கல் தளர்ந்திருக்கிறது. உடனே கழற்றி, நகை ஆசாரியிடம் காட்டுங்கள்.