பால் விலை மாறும்போது வாடிக்கை வீடுகள் அறிய வேண்டியவை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் விடியற்காலையில் வீடு தேடி வரும் பாலின் விலை இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று பாக்கெட்டின் மீது அச்சிடப்பட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை; அதை நிர்ணயிப்பது ஆவின் போன்ற நிறுவனமே. மற்றொன்று, பாக்கெட்டை வாசலுக்குக் கொண்டுவருவதற்காகப் பால்காரர் பெறும் கூலி. இவற்றுள் எது, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து மாறியது என்பதைத் தனித்தனியாகச் சொல்லும் அறிவிப்பே நேர்மையான அறிவிப்பாகும். "எல்லாமே ஏறிவிட்டது" என்ற பொதுவான விளக்கத்தைக் கொண்டு எந்தக் குடும்பமும் தன் மாதக் கணக்கைச் சரிபார்க்க இயலாது.

நிறுவனத்தின் விலையே மாறும்போதும் அந்த மாற்றம் எல்லா ரகத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. 2022 நவம்பர் 5 முதல் ஆவினின் ஆரஞ்சு பாக்கெட், அதாவது 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால், லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் மாத அட்டை வைத்திருந்தவர்களுக்கு அதே பால் 46 ரூபாய்க்கே தொடர்ந்து கிடைத்தது, நீல, பச்சை பாக்கெட்டுகளின் விலையும் மாறவில்லை. உற்பத்தியாளருக்குத் தரும் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டப்பட்டதை ஒட்டி வந்த மாற்றம் அது. அத்தகைய நாளில் பச்சை பாக்கெட் வாங்கும் வீட்டிடமும் கூடுதல் தொகை கேட்கப்பட்டிருந்தால், அதற்கு நிறுவனத்தின் விலை உயர்வைக் காரணமாகக் காட்ட முடியாது.

விலையோடு அளவும் மாறும்போதுதான் கணக்கு கடினமாகிறது. 2024 டிசம்பரில் ஆவினின் 'கிரீன் மேஜிக் பிளஸ்' என்ற ரகம் 450 மில்லி லிட்டர் 25 ரூபாய் என்று அறிமுகமானபோது, 500 மில்லி லிட்டர் 22 ரூபாய்க்கு விற்ற பச்சை பாக்கெட்டுடன் ஒப்பிட்டு, இது மறைமுக விலை உயர்வு என்று விமர்சனம் எழுந்தது. பாக்கெட்டுக்கு 3 ரூபாய் என்று பார்த்தால் வேறுபாடு சிறியதுதான். லிட்டருக்கு மாற்றினால் 44 ரூபாய்க்கு எதிரே ஏறக்குறைய 55 ரூபாய் 56 காசு வருகிறது. நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட் வாங்கும் குடும்பம் பழைய ரகத்துக்கு 30 நாளில் 1,320 ரூபாய் கொடுத்து 30 லிட்டர் பெற்றது. புதிய ரகத்தில் 1,500 ரூபாய் கொடுத்தாலும் கிடைப்பது 27 லிட்டரே. அதே 30 லிட்டர் தேவையென்றால் செலவு சுமார் 1,667 ரூபாய்.

புதிய ரகத்தில் சத்து கூடுதல் என்ற வாதத்தையும் இதே முறையில் சோதிக்கலாம். இரண்டிலும் கொழுப்பு 4.5 சதவீதம். புரதம், பால் சர்க்கரை, தாதுக்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் குறிக்கும் 'கொழுப்பு அல்லாத திடச்சத்து' பழையதில் 8.5 சதவீதம், புதியதில் 9 சதவீதம். சதவீதம் கூடினாலும் பாக்கெட் சிறியதாகிவிட்டதால், ஒரு பாக்கெட்டில் உள்ள கொழுப்பு அல்லாத திடச்சத்து சுமார் 42.5 கிராமிலிருந்து 40.5 கிராமாகக் குறைகிறது. ஆகவே ரகத்தை மாற்றிப் போடும் பால்காரர் அதை முன்கூட்டியே தெரிவித்து, வீட்டாரின் சம்மதத்தைப் பெறுவது இன்றியமையாதது.

பால்காரரின் கூலி உயர்வது தவறன்று. பெட்ரோல் செலவும் அதிகாலை உழைப்பும் அவருடையவை. ஆனால் 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி அச்சிட்ட விலைக்கு மேல் பாக்கெட்டை விற்கக் கூடாது என்பதால், கடைகளில் கேட்கப்படும் 'கூலிங் சார்ஜ்' உட்பட எதையும் பாக்கெட் விலையில் ஏற்ற முடியாது. வீட்டில் கொடுப்பதற்கான கூலியைத் தனியாகப் பேசி, தனியாகவே எழுத வேண்டும். பாக்கெட் பாலுக்குச் சரக்கு, சேவை வரி இல்லை என்பதால் ஜி.எஸ்.டி.யைக் காரணமாகச் சொல்வதும் பொருந்தாது. நல்லதோர் அறிவிப்பு இவ்வாறு அமையலாம்: "வணக்கம். வரும் 1ஆம் தேதி முதல் வீட்டில் கொடுக்கும் கூலி மாதம் 60 ரூபாயிலிருந்து 75 ரூபாயாகிறது. பாலின் ரகம், அளவு, அச்சிட்ட விலை ஆகியவற்றில் மாற்றமில்லை. கூலி வேண்டாம் என்பவர்கள் காலை 6 மணிக்குள் நேரில் வந்து அச்சிட்ட விலையிலேயே பெற்றுக்கொள்ளலாம். முன்பணம் கொடுத்தவர்களுக்கு இம்மாதம் பழைய கூலியே."

அறிவிப்பின்றிக் கூடுதல் தொகை பெறப்பட்டால் முதலில் பால்காரரிடமே கணக்கைக் கேட்பது முறை. பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ, தமிழகத்தில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்தும் தொழிலாளர் துறையிடமோ புகார் அளிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. எனினும் மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் செலுத்தும் வழக்கத்தில் எந்தப் பாக்கெட்டுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டுவது கடினம். விலையும் தேதியும் தெரியும் வெற்றுப் பாக்கெட்டை எடுத்து வைப்பதும், பாலுக்கும் கூலிக்கும் வெவ்வேறு வரியில் எழுதிய சீட்டைக் கேட்டுப் பெறுவதும் அந்தக் குறையை ஈடுசெய்யும்.