ஆயிரத்து இருநூறு பெட்டி, நான்கு லோடு

"அண்ணே, நாளைக்கு முந்நூறு பெட்டி வேணும்."

"இப்பத்தானே வேற ஆளோட அச்சை ஏத்தியிருக்கேன், தம்பி. நாலு நாள் பொறுங்க."

முறுக்கு, மிக்சர் செய்து வெளியூருக்கு அனுப்பும் சிறு பட்டறைகளில் மாதம் இரண்டு முறையாவது இப்படி ஒரு பேச்சு நடக்கும். சரக்கு தயாராக இருக்கும், போட்டு அனுப்ப அட்டைப்பெட்டி இருக்காது. மொத்தமாக வாங்கி அடுக்கிவிடலாம் என்றால் இடம் வேண்டும், முதலும் முடங்கும். மழைக்காலத்து ஈரத்தில் அட்டை நமுத்துப்போனால், நாலு பெட்டியை அடுக்கியதுமே அடிப்பெட்டி நசுங்கும்.

இதற்குத் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் வழிதான் ஓபன் ஆர்டர். விலை, அளவு, அச்சு எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் பேசி முடித்துவிடுவார்கள். சரக்கு மட்டும் குறித்த தேதிகளில் பிரிந்து பிரிந்து வரும். அந்தத் தேதிப் பட்டியலுக்கு ஷெட்யூல் என்று பெயர்.

ஒரு பட்டறைக்கு மாதம் 1,200 பெட்டி தேவை என்று வைத்துக்கொள்வோம். 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 48 பெட்டி. 1, 8, 16, 24 ஆகிய தேதிகளில் 300 வீதம் நான்கு லோடு போதும். ஒரு லோடு தாமதமானாலும் வேலை நிற்காமலிருக்க, மூன்று நாள் தேவைக்குச் சற்று மேலாக 150 பெட்டியைக் கையிருப்பில் வைக்க வேண்டும். வந்த லோடுக்கு மட்டும் பில், அதற்கு மட்டும் பணம்.

இதுவரை எளிது. எண்ணிக்கையை மாற்றும்போதுதான் சண்டை வரும். காகித ரீல் வாங்கி, அடுக்கு ஒட்டி, அச்சடித்து, வெட்டி, பின் அடித்துக் கொடுக்கப் பத்து நாள் ஆகும் என்று பெட்டிக்காரர் சொல்கிறார் என்றால், மாற்றும் விதியும் அந்தப் பத்து நாளிலிருந்தே பிறக்க வேண்டும். பத்து நாளுக்குள் வரவேண்டிய லோடில் கை வைக்கக்கூடாது. நம் பெயர் அச்சான பெட்டியை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாதே. 11 முதல் 20 நாளுக்குள் இருப்பதை 20 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். அதற்கும் அப்பால் இருப்பதை விருப்பம்போல் மாற்றலாம்.

செப்டம்பர் 3-ஆம் தேதி பெரிய ஆர்டர் ஒன்று வருகிறது. 8-ஆம் தேதி லோடுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது; அது 300-தான். 16-ஆம் தேதிக்கு 13 நாள் இருப்பதால் 360 வரை கேட்கலாம். 24-ஆம் தேதிக்கு 21 நாள். அங்கே 500 என்று போடலாம். 1-ஆம் தேதி வந்துவிட்ட 300-ஐயும் சேர்த்தால் அந்த மாதக் கணக்கு 1,460. இடையில் தேவைப்படுவதைக் கையிருப்பு 150 தாங்க வேண்டும். தாங்காது என்று கணக்கில் தெரிந்தால், வந்த ஆர்டரின் அனுப்பும் தேதியைத்தான் தள்ளிப் பேச வேண்டும்.

இந்த மாற்றத்தை எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "16-ஆம் தேதிக்கு 60 கூட்டிக்குங்க" என்று முதலாளி போனில் சொல்வார். அது தெரியாமல் கணக்குப் பிள்ளையும் மாலையில் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பெட்டிக்காரர் இரண்டு முறை கூட்டி 420 அடித்துவிடுவார். ஆகவே கூட்டு, குறை என்று சொல்லாமல் முழுப் பட்டியலையும் புதிதாக எழுத வேண்டும்:

திருத்தம் 2, செப்டம்பர் 3
8-ஆம் தேதி: 300
16-ஆம் தேதி: 360
24-ஆம் தேதி: 500
திருத்தம் 1 இனி செல்லாது.

இதை அனுப்பும் ஆள் ஒருவராகவே இருக்க வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் "சரி" என்று பதில் வராவிட்டால் பழைய பட்டியலே நிற்கும் என்றும் பேசி வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களை முதல் நாளே எழுதிக்கொள்வது நல்லது. 300-க்கு 280 வந்தால் மீதி 20 அடுத்த லோடோடு சேருமா, கழிந்துபோகுமா? இது தீராவிட்டால் மாதக் கடைசியில் இருவர் நோட்டிலும் வேறு வேறு எண் இருக்கும். அடுத்தது, பெட்டியின் அச்சு மாறும் நாள். முகவரியோ லோகோவோ மாறினால், ஏற்கெனவே அடித்து வைத்த பெட்டி யார் தலையில் விழும்? அடுத்த ஒரு லோடு வரை நாம் ஏற்கிறோம், அதற்கு மேல் முன்கூட்டி அடித்தது அவர் பொறுப்பு என்பது இருவருக்கும் நியாயமான எல்லை.

காகித விலை ஏறி இறங்குவதால் வருடம் முழுக்க ஒரே விலை என்று கட்டிப்போட்டால், ஏறும்போது லோடு தாமதமாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குக் கூடுதலாக வேண்டியதை, அவர் ரீல் வாங்கும் முன்பே ஷெட்யூலில் ஏற்றிவிடுங்கள். பண்டிகை வாரத்தில் போன் போட்டால், அவருடைய மிஷினில் வேறொருவர் அச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும்.