பதினாறாம் நாள் பந்தி: ருசி பார்க்காத சமையல்

காரிய வீட்டுச் சமையலுக்கென்று ஒரு தனிச் சிரமம் உண்டு. படையல் போட்டுக் காக்கைக்குச் சோறு வைக்கும்வரை, பல வீடுகளில் சமைப்பவர் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. உப்பு போதுமா, புளி தூக்கலா என்று தெரியாமலே ஐம்பது பேருக்கான குழம்பை இறக்கியாக வேண்டும்.

அதனால் பதார்த்தங்களைக் குறைத்துக்கொள்வதே நல்லது. சோறு, சாம்பார், ரசம், வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய், பிரண்டைத் துவையல், உளுந்து வடை, பருப்புப் பாயசம், மோர். பதினாறாம் நாளுக்கு இது தாராளம். பாகற்காய் நூறு கறிக்கும், பிரண்டை முந்நூறுக்கும், பலா அறுநூறுக்கும் சமம் என்று வசிஷ்டர் வீட்டுத் திதியை வைத்து ஒரு கதையே உண்டு. வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய் போன்றவற்றைப் பல வீடுகளில் விலக்குவார்கள். ஆனால் வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும், பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டுவிட்டுக் காய் வாங்குவது உத்தமம்.

ஐம்பது பேருக்கு அரிசி ஆறு கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, பொரியலுக்கு வாழைக்காய் நான்கு கிலோ போதும். உப்புதான் விஷயம். ஒரு கிலோ காய்க்குத் தூள் உப்பு தலைதட்டி இரண்டு தேக்கரண்டி, ஒரு லிட்டர் குழம்புக்கும் அதே அளவு. எட்டு லிட்டர் சாம்பார் என்றால் பதினாறு கரண்டியையும் முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்து, பதிமூன்று பதினாலு கரண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். படையல் முடிந்ததும் ஒருவர் ருசி பார்த்து, குறைந்தால் மீதி உப்பைச் சூடான சாம்பாரில் கரைத்துச் சேர்க்கலாம். கூடிப்போனால் சரிசெய்வது கஷ்டம்.

மற்றதைக் கண்ணும் கையும் சொல்லிவிடும். பிரண்டை இளசாக இருக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறிச் சுருளும்வரை வதக்கிப் புளி சேர்த்து அரைக்க வேண்டும். அரைகுறையாக வதங்கினால் பந்தியில் எல்லோருக்கும் நாக்கு அரிக்கும். வடைக்கு உளுந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஊறினால் போதும், இரவெல்லாம் ஊறினால் எண்ணெய் குடிக்கும். உப்பை மாவில் கடைசியில்தான் போட வேண்டும்; முன்பே போட்டால் மாவு நீர்த்துவிடும்.

பாயசத்துக்குப் பாசிப்பருப்பு முக்கால் கிலோ, வெல்லம் ஒன்றரை கிலோ, தேங்காய் நான்கு. பருப்பை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். அதன் பிறகுதான் வெல்லப்பாகு. முந்திக்கொண்டால் பருப்பு அதற்கு மேல் வேகாது. முதல் தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.

சடங்கு முடியும் நேரத்தை யாராலும் கறாராகச் சொல்ல முடியாது. பதினோரு மணி ஒன்றரை ஆகலாம். அதனால் சோற்றை இரண்டு தவணையாக வடிப்பதும், வடையைப் பந்தி உட்காரும்போது சுடுவதும் நல்லது. துக்க வீட்டுக்காரர்களை அடுப்படியில் நிறுத்தாமல், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் பரிமாறும் பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும். வயதானவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிடலாம்.