கணக்கை மூடும் முன் எக்ஸ்ரே வந்ததா?

என் தங்கை கும்பகோணத்தில் பல் மருத்துவமனை நடத்துகிறாள். நோயாளியின் பெயர், போன் நம்பர், எந்தப் பல்லுக்கு என்ன வைத்தியம், எக்ஸ்ரே, ரசீது என்று எல்லாம் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய ஒரு சாஃப்ட்வேரில் இருந்தன. ஏப்ரல் 1-ம் தேதி ஓராண்டுக்குப் பணம் கட்டினாள். ஏப்ரல் கடைசியிலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. காலை பத்து மணிக்கு ஆள் வந்து காத்திருப்பார்கள், திரை திறக்காது. நினைவூட்டும் எஸ்எம்எஸ் பாதிப் பேருக்குப் போகாது. "போதும்ண்ணே, நிறுத்திடலாம்" என்றாள். ஒரு மெயில் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்த பிறகுதான் மெயில் போடாமல் இருந்தது எவ்வளவு நல்லது என்று தெரிந்தது.

அதில் வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. நமக்கே வேண்டாம் என்று விலகினால் 30 நாள் முன்னறிவிப்பு போதும், ஆனால் கட்டிய பணம் திரும்ப வராது. அவர்கள் சொன்ன சேவையைத் தரவில்லை என்று விலகினால், முதலில் குறையை எழுத்தில் சொல்லி, சரிசெய்ய 30 நாள் கொடுக்க வேண்டும். அப்படியும் சரியாகாவிட்டால் முடித்துக்கொள்ளலாம், மீதி நாட்களுக்குப் பணம் கேட்கலாம். சாஃப்ட்வேர் ஒப்பந்தங்களில் இந்த இரண்டு வழியும் பரவலாக உண்டு. கோபத்தில் "உங்கள் சேவை வேண்டாம்" என்று எழுதுகிறவர், தனக்கே தெரியாமல் முதல் வழியில் போய்விடுகிறார்.

ஆகவே எங்கள் முதல் கடிதம் முறிவுக் கடிதம் அல்ல, குறைக் கடிதம். வரவேற்பில் இருக்கும் பெண் தன் டைரியில் திரை திறக்காத தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தாள். அந்தப் பட்டியலையும், ஒவ்வொரு முறையும் அவர்களுடைய உதவி மையம் கொடுத்த புகார் எண்ணையும் சேர்த்து ஜூன் 2-ம் தேதி அனுப்பினோம். அறிவிப்பு எந்த மெயிலுக்கு, எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. அதன்படி மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பினோம். விற்பனை ஆளுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது அறிவிப்பாகாது. முப்பது நாளில் எதுவும் மாறவில்லை. ஜூலை 3-ம் தேதி இரண்டாவது கடிதம் போனது: ஜூலை 31-ம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது, ஏழு நாளில் எங்கள் தரவு முழுவதும் வேண்டும், அதன் பிறகு உங்களிடம் இருப்பதை அழித்து உறுதிக் கடிதம் தர வேண்டும், மீதி நாட்களுக்கான பணம் வேண்டும்.

அந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி ஒன்றுதான்: "தரவு முழுமையாக வந்து சேர்ந்தது என்று நாங்கள் எழுத்தில் சொல்லும்வரை எதையும் அழிக்க வேண்டாம்." ஒப்பந்தம் முடிந்து இத்தனை நாளில் தரவு தானாக அழிந்துவிடும் என்பது பல நிறுவனங்களின் விதி. ஏற்றுமதியையும் அழிப்பையும் ஒரே மூச்சில் கேட்டால், அரைகுறையாக ஒன்றை அனுப்பிவிட்டு மீதியை அழித்துவிட வாய்ப்பிருக்கிறது.

எங்களுக்கு வந்ததும் அரைகுறைதான். நோயாளிகள் பட்டியல் ஒரு CSV கோப்பாக வந்தது. எக்செலில் திறந்தேன். சரியாக 10,000 வரிகள். அந்த முழு எண்ணே சந்தேகம் தந்தது. சாஃப்ட்வேரின் முகப்புத் திரையில் நோயாளிகள் 11,240 என்று இருந்தது, அதை முன்பே படம் பிடித்து வைத்திருந்தோம். ஒரு முறைக்குப் பத்தாயிரம் வரிதான் இறக்க முடியும் என்று அவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள், 1,240 பேர் விடுபட்டிருக்கிறார்கள். தமிழில் பதிந்த பெயர்களெல்லாம் à®• என்பது போன்ற கிறுக்கலாகத் தெரிந்தன. அதற்குப் பதற வேண்டாம். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலின் Data பகுதியில் From Text/CSV வழியாக UTF-8 என்று தேர்ந்து திறந்தால் தமிழ் வந்துவிடும். கிறுக்கலாகத் தெரியும்போது அப்படியே சேமித்துவிடுவதுதான் ஆபத்து. வந்த கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, இன்னொன்றில்தான் கை வைக்க வேண்டும்.

பெரிய ஓட்டை எக்ஸ்ரேயில் இருந்தது. எக்ஸ்ரே என்ற கட்டத்தில் படம் இல்லை, அவர்களுடைய சர்வருக்குப் போகும் ஓர் இணைப்புதான் இருந்தது. சொடுக்கினால் படம் வந்தது, அதனால் எல்லாம் சரியென்றே தோன்றும். கணக்கை மூடிய நாளில் அந்த இணைப்பும் செத்துப்போகும். படங்களைக் கோப்பாகவும், ஒவ்வொரு படத்தின் பெயரிலும் நோயாளி எண் இருக்கும்படியும் திரும்பக் கேட்டோம். பிறகு இருபது நோயாளிகளைத் தோராயமாக எடுத்து, பழைய திரையையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். மே மாத ரசீதுகளின் மொத்தத் தொகையையும் இரண்டு பக்கமும் கூட்டினோம். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான், ஆகஸ்ட் 4-ம் தேதி, "வந்து சேர்ந்தது, இனி அழிக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தோம்.

நான்கு நாள் கழித்து போன் வந்தது. "சார், அக்கவுண்ட்டை டீஆக்டிவேட் பண்ணியாச்சு." அது அழிப்பல்ல, நமக்கு மட்டும் கதவைப் பூட்டுவது. தரவு உள்ளேயே இருக்கும். 2023-ம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் பொறுப்பை மருத்துவமனை மேல் வைக்கிறது. தன் சார்பில் தரவைக் கையாளும் நிறுவனத்தையும் அழிக்க வைக்க வேண்டியது அதன் கடமை. நோயாளி தன் எக்ஸ்ரேயை நம்பிக் கொடுத்தது என் தங்கையிடம், அந்த நிறுவனத்தின் பெயரே அவருக்குத் தெரியாது. எனவே கடிதத்தில் நான்கு விஷயம் கேட்டோம்: எந்தெந்த இடத்திலிருந்து அழித்தீர்கள், எந்தத் தேதியில், எஸ்எம்எஸ் அனுப்பும் துணை நிறுவனத்திடம் கொடுத்த நம்பர்களையும் அழிக்கச் சொன்னீர்களா, பேக்கப்பில் இருப்பது எப்போது போகும். பேக்கப்பிலிருந்து ஒரு வாடிக்கையாளரை மட்டும் பிய்த்து எடுப்பது பெரும்பாலும் நடக்காது, புதியது பழையதன் மேல் எழுதிக்கொண்டே வரும். 90 நாள் என்றார்கள். நேர்மையான பதில் என்று ஏற்றுக்கொண்டோம். "உடனே எல்லா இடத்திலும் அழித்துவிட்டோம்" என்றிருந்தால்தான் நம்பியிருக்க மாட்டேன். எங்களுக்கு அவர்கள் போட்ட சந்தா ரசீதுகளை வரிக்கணக்குக்காக வைத்துக்கொள்வது அவர்கள் உரிமை, அதில் நோயாளி விவரம் எதுவும் இல்லை.

பணக் கணக்கு எளிது. ஆண்டுக்கு 36,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 6,570. நாளுக்கு 100 ரூபாயும் வரி 18 ரூபாயும். ஏப்ரல் முதல் ஜூலை 31 வரை 122 நாள் போக, மீதி 243 நாள். வரியோடு 28,674 ரூபாய் கேட்டோம். அவர்கள் இரண்டு இடத்தில் குறைக்கப் பார்த்தார்கள். ஆண்டுச் சந்தா என்பதே சலுகை விலை, மாதக் கட்டணம் 4,000, ஆகவே பயன்படுத்திய நான்கு மாதத்துக்கு 16,000 பிடிப்போம் என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் கொடுத்திருக்க வேண்டியதுதான், இருக்கவில்லை. அடுத்து 24,300 தருகிறோம், ஜிஎஸ்டி அரசுக்குக் கட்டியாகிவிட்டது என்றார்கள். ஒரு துணிக்கடைக்கு இது பெரிய நஷ்டமில்லை, கட்டிய வரியை அது உள்ளீட்டு வரியாகக் கழித்திருக்கும். பல் வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் கழிக்கவும் வழியில்லை. அந்த 4,374 ரூபாய் தங்கையின் கையிலிருந்து போன பணம். அவர்கள் வரியோடு கிரெடிட் நோட் போட்டுத் தங்கள் கணக்கில் வரியைக் குறைத்துக்கொள்ளலாம், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை பொதுவாக அதற்கு அவகாசம் உண்டு. இதை அவர்களுடைய கணக்காளரிடமே நேராகப் பேசியதும் புரிந்துகொண்டார். முழுத் தொகையும் செப்டம்பரில் வங்கியில் விழுந்தது.

பணம் வந்த பிறகும் கோப்பை மூடவில்லை. ஆகஸ்ட் 8-லிருந்து 90-ம் நாள் நவம்பர் 6. வரவேற்பு மேசைக் காலண்டரில் அதை வட்டமிட்டு வைத்திருந்தோம். பேக்கப்பும் போய்விட்டது என்ற இரண்டாவது கடிதம் அன்று வரவில்லை. மறுநாள் கேட்டு எழுதினோம், 12-ம் தேதி வந்தது.