90 ஜிபியில் யாருக்கு எவ்வளவு?

வீட்டில் நாலு போன், நாலுக்கும் சேர்த்து ஒரே பில். போஸ்ட்பெய்டு குடும்பத் திட்டம் பரவியதற்கு இந்த வசதிதான் முதல் காரணம். முதன்மை எண் ஒன்று இருக்கும். அதனுடன் கூடுதல் சிம்களை இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கூடுதல் சிம்முக்கும் தனியாக ஒரு சிறு கட்டணம். டேட்டா மட்டும் எல்லோருக்கும் பொது. அந்தப் பொது டேட்டா நாலு பேருக்கிடையே எப்படிப் பிரிகிறது என்று கேட்டால், பில் கட்டுகிறவர்களில் பலருக்குப் பதில் தெரியாது. ஆளுக்குச் சமமாகப் பிரியும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் அது பிரிக்கப்படுவதே இல்லை.

ஒரு திட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். 2023 மார்ச்சில் ஜியோ அறிமுகப்படுத்திய குடும்பத் திட்டத்தில் முதன்மை எண்ணுக்கு மாதம் 399 ரூபாய், 75 ஜிபி டேட்டா. கூடுதலாக மூன்று சிம் வரை சேர்க்கலாம். ஒரு சிம்முக்கு 99 ரூபாய். ஒவ்வொரு சிம்முடனும் 5 ஜிபி கூடுதலாக வரும். ஆக நாலு இணைப்புக்கு 696 ரூபாய், மொத்தம் 90 ஜிபி. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் பில் 821 ரூபாய் 28 காசு. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியபோது அந்த 399 ரூபாய் 449 ஆனது. தொகைகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது என்பதால் இங்கே பழைய தொகையையே வைத்துக்கொள்வோம்.

எல்லா நிறுவனமும் இதே மாதிரி செய்வதில்லை. சில திட்டங்களில் முதன்மை எண்ணுக்கு 75 ஜிபி, கூடுதல் எண்ணுக்கு 30 ஜிபி என்று ஒவ்வொரு எண்ணின் பேரிலும் தனிப் பங்கு இருக்கும். இன்னும் சிலவற்றில் தன் பங்கு முடிந்த பிறகு பொது இருப்பில் கைவைக்கலாம். விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் மொத்தத் தொகையைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பொது இருப்பா, தனிப் பங்கா என்பது நிபந்தனைகளுக்குள் இருக்கும். சேருவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

பொது இருப்பு என்றால் நிறுவனத்தின் கணினியில் நடப்பது இது. மகள் போனில் டேட்டாவை ஆன் செய்ததும், 90 ஜிபியையும் அந்தப் போனுக்குத் திறந்துவிடுவதில்லை. கட்டணக் கணினி ஒரு சிறு துண்டை மட்டும் அந்தப் போனின் பேரில் ஒதுக்கிவைக்கும். அலுவலகத்தில் செலவுக்கு முன்பணம் கொடுத்து, கணக்குக் காட்டிய பிறகு அடுத்த முன்பணம் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு. ஒரு துண்டு தீர்ந்ததும் நெட்வொர்க் கணக்கைச் சொல்லிவிட்டு அடுத்த துண்டைக் கேட்கும். பொது இருப்பில் மிச்சம் இருந்தால் கிடைக்கும். கேட்பது மகளா, பாட்டியா, இந்த மாதம் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்றெல்லாம் அந்தக் கணினி பார்ப்பதில்லை. முந்துகிறவருக்குக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இந்தத் துண்டுக் கணக்கு தெரிந்தால் இரண்டு குழப்பங்கள் தீரும். ஒன்று, ஆப்பில் காட்டும் இருப்பு உடனுக்குடன் குறையாதது. துண்டு முடியும்போதோ இணைப்பு துண்டிக்கும்போதோதான் கணக்கு வந்து சேரும். அதனால் படம் பார்த்து முடித்த கையோடு ஆப்பைத் திறந்தால் பழைய எண்ணே தெரியலாம். இரண்டு, இருப்பு காட்டியும் நெட் வராதது. பொது இருப்பில் 600 எம்பி மிச்சம், ஒரு துண்டு 200 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போன்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்து, அதில் கொஞ்சம்தான் செலவழித்திருக்கின்றன. நாலாவது போன் கேட்கும்போது கொடுக்க எதுவும் இல்லை. ஆப்பில் 500 எம்பி இருப்பதாகக் காட்டும், நாலாவது போனில் நெட் வராது. மற்ற போன்கள் செலவழிக்காத துண்டுகள் திரும்பி வந்த பிறகு அதே போனில் நெட் வந்துவிடும். சிம் கோளாறு என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இப்போது ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைப் பார்ப்போம். அப்பா, அம்மா, ஊரில் இருக்கும் பாட்டி, விடுதியில் தங்கிப் படிக்கும் மகள். சாதாரண மாதத்தில் அப்பாவுக்கு 9 ஜிபி, அம்மாவுக்கு 16, பாட்டிக்கு 13, மகளுக்கு 42. மொத்தம் 80. மாதக் கடைசியில் 10 ஜிபி மிஞ்சும், யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

ஒரு மாதம் விடுதி வைஃபை பழுதாகிறது. மகள் போனின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைக்கிறாள். மடிக்கணினிக்கு அது ஹாட்ஸ்பாட் என்று பல நேரம் தெரியாது. வீட்டு வைஃபை என்றே நினைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டை இறக்கும், புகைப்படங்களைக் கிளவுடில் ஏற்றும், வீடியோவை உயர்ந்த தரத்தில் ஓட்டும். எச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கே 1 முதல் 3 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். 20 நாளில் மகளின் கணக்கில் மட்டும் 58 ஜிபி. அப்பா 6, அம்மா 11, பாட்டி 9. மொத்தம் 84. ஒரு நாளைக்கு 4.2 ஜிபி என்ற வேகத்தில் போனால் 22ஆம் தேதியே 90 ஜிபி தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு நெட் நிற்காது. இந்தத் திட்டத்தில் வரம்பைத் தாண்டினால் ஒரு ஜிபிக்கு 10 ரூபாய். அதே வேகத்தில் மாதம் முடிந்தால் கூடுதலாக 36 ஜிபி, அதாவது 360 ரூபாய். ஜிஎஸ்டியோடு பில் 1,246 ரூபாய் 8 காசு வரும். 821 கட்டிக்கொண்டிருந்த அப்பா, பில்லைப் பார்த்துவிட்டு அம்மாவின் சீரியல் மீது சந்தேகப்படுவார். பாட்டியோ 22ஆம் தேதிக்குப் பிறகு எப்போதும்போலத் தன் 4 ஜிபியைச் செலவழித்திருப்பார். அதுவும் கூடுதல் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும்.

இதைத் தடுக்க ஒவ்வொரு எண்ணுக்கும் வரம்பு வைக்கும் வசதி சில திட்டங்களின் ஆப்பில் முதன்மை எண்ணுக்கு இருக்கிறது. ஆனால் இங்கேதான் பலர் தவறான கணக்குப் போடுகிறார்கள். நாலு பேருக்கும் தலா 30 ஜிபி என்று வரம்பு வைத்தால் நியாயமாகத் தோன்றும். கூட்டிப் பாருங்கள், 120. இருப்பதோ 90. மூன்று பேர் தங்கள் 30ஐ முழுதாக எடுத்துவிட்டால் நாலாவது ஆளுக்கு வரம்பு இருக்கும், டேட்டா இருக்காது. வரம்பு என்பது இதற்கு மேல் எடுக்காதே என்று சொல்வது மட்டுமே. இவ்வளவு உனக்கு உண்டு என்ற உறுதி அதில் இல்லை.

சரி, ஆளுக்கு 22.5 என்று சரியாகப் பிரித்துவிட்டால்? உறுதி கிடைக்கும், ஆனால் பொது இருப்பின் லாபம் போய்விடும். அப்பாவின் கணக்கில் 13 ஜிபி சும்மா கிடக்க, மகளுக்குப் பாதி மாதத்தில் நெட் நின்றுபோகும்.

அதிகம் செலவழிக்கும் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் வரம்பு வைப்பதுதான் நல்ல வழி. மகளுக்கு 50 என்று வைத்தால் மற்ற மூவருக்கும் சேர்த்து 40 ஜிபி தானாகவே பத்திரமாகிவிடும். அவர்களின் வழக்கமான செலவு 38 என்பதால் அது போதும். மூவருக்கும் தனித்தனி வரம்பு தேவையில்லை. ஒரு மாதம் அம்மா அதிகம் எடுத்து அப்பா குறைவாக எடுத்தாலும் ஈடுகட்டிக்கொள்ளும். வரம்பு வசதியே இல்லாத திட்டமாக இருந்தால் செலவைக் குறைக்க வேண்டிய இடம் மகளின் மடிக்கணினி. விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டின் அமைப்புக்குள் போய் Metered connection என்பதை ஆன் செய்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும்.

எச்சரிக்கை எஸ்எம்எஸ் வருமே என்று கேட்கலாம். டேட்டா வரம்பில் 50, 90, 100 சதவீதம் தொடும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது டிராய் விதி. ஆனால் நம் குடும்பத்தில் 90 சதவீத எஸ்எம்எஸ் வரும்போது மிச்சம் 9 ஜிபி, அந்த வேகத்துக்கு இரண்டு நாள்தான். கவனிக்க வேண்டியது 50 சதவீத எஸ்எம்எஸ். அது 15ஆம் தேதிக்கு முன்பே வந்தால் இந்த மாதம் பற்றாது என்று பொருள். நம் குடும்பத்துக்கு அது 11ஆம் தேதியே வந்திருக்கும். எண்ணுவாரியான கணக்கைப் பார்த்து மகளிடம் பேச அப்போது போதிய நாள் இருந்தது.

எல்லையில்லாத 5ஜி உள்ள திட்டம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். 5ஜி போனில், 5ஜி சிக்னலில் செலவாவது பொது இருப்பில் கழியாது. சிக்னல் 4ஜிக்கு இறங்கினால் கழியும். ஆகவே அத்தகைய வீட்டில் இருப்பைக் கரைப்பவர் நாள் முழுதும் வீடியோ பார்க்கும் 5ஜி போன்காரராக இல்லாமல், பழைய 4ஜி போன் வைத்திருப்பவராகவோ 5ஜி எட்டாத ஊரில் இருப்பவராகவோ இருக்கலாம்.

மாத நடுவில் இருப்பு தீர்ந்து கூடுதல் டேட்டா பேக் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பேக் பொது இருப்பில் சேருகிறதா, வாங்கிய எண்ணுக்கு மட்டுமா என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். அப்பாவின் எண்ணுக்கு மட்டும் சேரும் பேக்கை வாங்கிவிட்டு மகளுக்கு ஏன் நெட் வரவில்லை என்று தேடுவதில் பயனில்லை. புது சிம்மை மாத நடுவில் சேர்த்தால் முதல் மாதம் வாடகையும் டேட்டாவும் மீதி நாட்களுக்கு மட்டும் கணக்கிடப்படலாம். முதல் பில் கணக்குக்கு ஒத்துவராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பில்லுக்குப் பொறுப்பு எப்போதும் முதன்மை எண்ணின் சொந்தக்காரர்தான், யார் செலவழித்திருந்தாலும்.

குடும்பத் திட்டத்தில் சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். டேட்டா பொதுவா, தனிப் பங்கா? தீர்ந்த பிறகு வேகம் குறையுமா, ஜிபிக்குக் காசு ஏறுமா? ஒரு எண்ணுக்கு மட்டும் வரம்பு வைக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு முடியும் என்று பதில் வந்தால், வீட்டில் அதிகம் செலவழிப்பவர் யாரென்று முதல் மாத பில்லில் பார்த்து அவருக்கு மட்டும் வரம்பு வையுங்கள். மற்றவர்களைக் கணக்குப் பார்க்க வேண்டிய வேலையே இருக்காது.